மீட்டருக்குத் தெரியாத வாயு

மணலியில் நான் கெமிஸ்டாக இருந்த ஆலையில், ஈரமே ஆகாத ஓர் அறை உண்டு. டியூட்டீரியம், அதாவது கனமான ஹைட்ரஜன், சேர்த்த பொருள்கள் அங்கேதான் தயாராகும். ஈரம் பட்டால் டியூட்டீரியம் கழன்று சாதா ஹைட்ரஜன் வந்து உட்கார்ந்துவிடும். அதனால் காற்றை உலர்த்திவிட்டு, கதவை கன்ட்ரோல் ரூமிலிருந்தே பூட்டுவார்கள். விஷவாயு மீட்டர் அலறினால் கதவு தானாகத் திறக்கும். உள்ளேயிருந்து திறக்கும் பொத்தான் பழுது. சொல்லிச் சொல்லி என் வாய் வலித்ததுதான் மிச்சம்.

அன்று உள்ளே நானும் ஆபரேட்டர் அண்ணனும். அவருக்கு ஏற்கெனவே வீசிங். டியூட்டீரியம் குளோரைடு வரும் குழாயின் இணைப்பு கசிந்தது. மூக்கும் தொண்டையும் எரிந்தன. அடைக்கும் வால்வு வெளியே. இன்டர்காமில் ஷிப்ட் இன்சார்ஜைக் கூப்பிட்டேன்.

"மீட்டர்ல ஜீரோ கீது மேடம். கதவ தொறந்தா பேட்ச் காலி."

ஜீரோதான் காட்டும்! அது ஹைட்ரஜன் குளோரைடுக்கு வாங்கிய அகச்சிவப்பு மீட்டர். பிணைப்பு இரண்டிலும் அதே ஸ்பிரிங்தான், ஆனால் டியூட்டீரியம் இரண்டு மடங்கு கனம், மெதுவாக ஆடும். ஹைட்ரஜன் குளோரைடு 2886 அலைஎண்ணில் ஒளியை விழுங்கினால், இது 2091-இல் விழுங்கும். மீட்டர் அந்தப் பக்கமே பார்க்காது. இதையெல்லாம் இருமிக்கொண்டே சொன்னேன்.

இன்சார்ஜ் என் பாடத்தையே எனக்குத் திருப்பிப் படித்தார். "டியூட்டீரியம் பாண்ட் ஸ்ட்ராங்குன்னு நீங்கதானே சொன்னீங்க? ஒடையாதது இன்னா பண்ணும்?"

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. எவ்வளவு குளிர்வித்தாலும் அணுக்களின் ஆட்டம் முழுக்க நிற்காது, மிஞ்சும் அந்த ஆற்றல் டியூட்டீரியத்துக்குக் குறைவு, அதனால் பிணைப்பை உடைக்கக் கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும் என்று டீ குடிக்கும்போது சொன்னது உண்மைதான். கொஞ்சம்தான் ஐயா! தொண்டைக்கு அந்த வித்தியாசம் தெரியுமா? இது அதே அமிலம்.

அண்ணன் சுவரோரம் சரிந்து உட்கார்ந்துவிட்டார். உதடு கறுத்திருந்தது. "மூச்சு வாங்க முடிலம்மா," என்றார். கன்ட்ரோல் ரூம் கண்ணாடிக்கு அப்பால் இன்சார்ஜ் மீட்டரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், எங்களை இல்லை.

ஈரம்தானே டியூட்டீரியத்தைக் கழற்றும்? மீட்டர் காற்றை உறிஞ்சும் குழாயின் முனைக்கு அருகே வாயைக் கொண்டுபோய் ஊதினேன். மூச்சின் ஈரத்தில் கசிந்த வாயு கொஞ்சம் கொஞ்சமாக ஹைட்ரஜன் குளோரைடாக மாறும் என்று கணக்கு. இருமினேன், மறுபடி ஊதினேன். கடைசியில் அலாரம் அலறியது. கதவு திறந்தது.

அண்ணனை வெளியே இழுத்துப் போட்டோம். ஆக்சிஜன் வைத்தபிறகு கண் திறந்தார். ஆம்புலன்ஸ்காரர் எவ்வளவு நேரமாக உள்ளே கசிந்தது என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் இன்சார்ஜ் முந்திக்கொண்டார்.

"இப்பதான் சார். மீட்டர் அடிச்சதும் தொறந்துட்டோம்."