மூக்கு போனவனும் கார்க் பிடித்த ஒயினும்

திருவண்ணாமலையில் என் சொந்தக்காரர்கள் யாருக்கும் என் வேலையைப் புரியவைக்க முடிந்ததில்லை. "பாண்டிச்சேரில பிரெஞ்சு ஓட்டல்ல பாட்டில் தொறந்து குடுக்குறாருங்க" என்பாள் என் மனைவி. "தொறக்கிறதுக்குன்னு ஒரு ஆளா? நாங்கல்லாம் பல்லாலயே தொறந்துடுவோமே" என்பார் மச்சான். மதுவிலக்கு வருவதும் போவதுமாக இருந்த எங்கள் ஜில்லாவில் அவர் எதைப் பல்லால் திறந்தார் என்று நான் கேட்டதில்லை.

எண்பதுகளின் ஆரம்பம் அது. கடற்கரைக்கு ஒரு தெரு தள்ளி இருந்தது ஓட்டல். முதலாளி தமிழர்தான். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கி வந்தவர். பேசும்போது தமிழ், திட்டும்போது பிரெஞ்சு. அவருக்கு ஒரே ஒரு விஷயத்தில் மானம் போகும். மேஜைக்குப் போன ஒயின் கெட்டது என்று விருந்தாளி கண்டுபிடித்துவிடக் கூடாது. அதை முன்னாலேயே நாங்கள் கண்டுபிடித்துவிட வேண்டும். எல்லா ஓட்டலிலும் பாட்டிலைத் திறந்து, விருந்து கொடுப்பவரின் கிளாசில் கொஞ்சம் ஊற்றி, அவர் முகர்ந்து தலையாட்டிய பிறகு மற்றவர்களுக்கு ஊற்றுவார்கள். எங்கள் ஓட்டலில் அதற்கும் முன்னால் ஒரு படி உண்டு. ஓரமாக இருக்கும் பக்க மேஜையில் பாட்டிலைத் திறந்து, ஒரு சின்னக் கிளாசில் துளி ஊற்றி நான் முகர்ந்து பார்க்க வேண்டும். நான் சரி என்றால்தான் பாட்டில் நகரும். முதலாளி என்னை வேலைக்கு எடுத்ததே என் மூக்குக்காகத்தான். அந்த மூக்கின் மேல் எனக்கும் கொஞ்சம் திமிர் இருந்தது.

ஒயின் கெடுவதில் பல தினுசு உண்டு. காற்றுப் பட்டுக் கெட்டால் கண்ணுக்கே தெரியும். வெள்ளை ஒயின் டீத்தண்ணி நிறத்துக்குப் போய்விடும். சிவப்பில் கிளாசைச் சாய்த்துப் பார்த்தால், வயசாகாத ஒயினுக்குக்கூட ஓரத்தில் பழுப்பு ஏறியிருக்கும். நறுக்கி வைத்து மறந்துபோன ஆப்பிளின் வாசனை வரும். சூட்டில் வெந்துபோன பாட்டிலில் கார்க் மேலே தள்ளிக்கொண்டு நிற்கும், கழுத்தில் பிசுபிசுவென்று வழிந்திருக்கும். நம் ஊர் வெயிலில் அது ஜாஸ்தி. புளித்துப்போனதை நாக்கே சொல்லிவிடும்.

கார்க்கில் பிடித்த பூஞ்சையின் நாற்றம் ஒயினில் இறங்கிவிட்டால் கார்க் பிடித்தது என்போம். அதுதான் திருட்டுப் பயல். நிறம் மாறாது, தெளிவு குறையாது. கார்க் தூள் மிதந்தால் ஒயின் கெட்டது என்று நினைப்பவர்கள் உண்டு. அது வெறும் தூள், எடுத்துப் போட்டுவிட்டுக் குடிக்கலாம். கார்க்கையே மூக்கில் வைத்து உறிஞ்சிவிட்டுத் தலையாட்டும் மேதாவிகளும் உண்டு. கார்க் நாறினாலும் ஒயின் நன்றாக இருக்கலாம், கார்க் மணத்தாலும் ஒயின் நாறலாம். கிளாசில்தான் கண்டுபிடிக்க முடியும். மழையில் நனைந்து மூலையில் கிடந்த அட்டைப்பெட்டி மாதிரி ஒரு முடை. லேசாகப் பிடித்திருந்தால் அந்த முடை மட்டும்கூடத் தெரியாது. பழ வாசனை செத்துப்போயிருக்கும், அவ்வளவுதான். கிளாசில் கொஞ்ச நேரம் வைத்தால் முடை மெல்ல ஏறும். அதற்கு மூக்கைத் தவிர வேறு கருவி கிடையாது.

நான் முகர்வேன், துளி நாக்கில் வைத்துத் துப்புவேன். விழுங்க மாட்டேன் என்று கல்யாணமான புதிதில் மலையைப் பார்த்து என் மனைவிக்குச் சத்தியம் செய்திருந்தேன்.

ஒரு கார்த்திகை தீபத்துக்கு லீவு போட்டு ஊருக்கு வந்தேன். மாட வீதிக் கூட்டத்தில் மழையில் நனைந்துகொண்டே நின்றேன். மறுநாள் காய்ச்சல். காய்ச்சல் விட்ட அன்றைக்கு அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். என் மனைவி கொல்லையிலிருந்து ஓடி வந்தாள்.

"ஏங்க, பால் அடிப்புடிச்சுத் தெருவே நாறுது. பக்கத்துலயே குந்திக்கினு இருக்கீங்களே?"

எனக்கு ஒன்றும் நாறவில்லை. கற்பூரத்தைக் கொளுத்தி மூக்கருகே காட்டச் சொன்னேன். சூடு தெரிந்தது, மணம் தெரியவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்தாள். "சளி போனா வாசனை வந்துடுங்க" என்றாள். சளி போனது. மணம் வரவில்லை.

வேலைக்குத் திரும்பினேன். வேறென்ன செய்வது? மூக்கைக் காட்டிப் பிழைத்தவன் மூக்கு போச்சு என்று சொல்லிவிட்டு ஊருக்கு வந்தால் மச்சானின் வாயை யார் அடைப்பது? கொஞ்ச நாள் கண்ணை வைத்து ஓட்டினேன். பழுப்பேறிய பாட்டிலையெல்லாம் பிடித்தேன். ஆனால் கார்க் பிடித்த ஒன்று என்னைத் தாண்டி மேஜைக்குப் போய், ஒரு வெள்ளைக்காரி உதட்டைச் சுழித்தாள். முதலாளி என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்குப் பயந்துதான் என்னோடு பரிமாறியவனிடம் விஷயத்தைச் சொன்னேன். என் வயசுக்காரன்தான், மரியாதைக்கு அண்ணா என்று கூப்பிடுவான்.

"விடுண்ணா, நான் இருக்கேன்" என்றான். நான் ஊற்றி வைத்த சின்னக் கிளாசை நகர்த்தி வைப்பது போல எடுப்பான், போகிற போக்கில் முகர்வான். கெட்டது என்றால் காதைத் தொடுவான். நான் உடனே கிளாசை மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடி யோசித்து, "வேணாம், இது கார்க் புடிச்சிருக்கு" என்பேன். என்ன நடிப்பு! சாமிப் படங்களோடு அவன் படத்தையும் மாட்டியிருப்பேன். அவ்வளவு நன்றி எனக்கு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் முதலாளியே விருந்து கொடுத்தார். நாலைந்து நண்பர்கள். அதில் ஒரு கிழட்டு பிரெஞ்சு வக்கீல், எங்கள் பழைய வாடிக்கையாளர். வழக்கத்துக்கு மாறாகப் பக்க மேஜையை அவர்கள் நாற்காலிகளுக்கு நடுவிலேயே போடச் சொன்னார் முதலாளி. சிவப்பு ஒயின், நல்ல பாட்டில். திறந்தேன், ஊற்றினேன். என் கூட்டாளி கிளாசை நகர்த்தினான், காதைத் தொட்டான்.

நான் முகர்ந்தேன். கண்ணை மூடினேன். "கார்க் புடிச்சிருக்குங்க" என்றேன்.

வக்கீல் கையை நீட்டி அந்தச் சின்னக் கிளாசை வாங்கி முகர்ந்தார். பிறகு முழுசாகக் குடித்துவிட்டு உதட்டைத் துடைத்துக்கொண்டார்.

"சரி, இதப் பாரு" என்று முதலாளி தன் காலடியிலிருந்து இன்னொரு பாட்டிலை எடுத்தார். காலையிலேயே திறந்து, கார்க்கைத் திரும்பச் செருகி வைத்திருந்தது. ஊற்றினேன். நிறம் மாணிக்கம் மாதிரி இருந்தது. அவனைப் பார்த்தேன். அவன் கை காதுக்குப் போகவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நல்லா இருக்குங்க" என்றேன்.

வக்கீல்தான் முதலில் சிரித்தார். நாற்காலி ஆடும்படி சிரித்தார். அந்தக் கிளாஸ் கை மாறிக் கை மாறிப் போனது. ஒவ்வொருவரும் முகர்ந்து முகத்தைச் சுளித்துவிட்டு, என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

"பழுப்பேறுன பாட்டிலெல்லாம் புடிக்கிற, கார்க் மட்டும் புடிக்க மாட்டேங்கிற" என்றார் முதலாளி. குரலை உயர்த்தவே இல்லை. "அப்புறம் கார்க்கையும் புடிக்க ஆரம்பிச்ச. ஆனா இவன் டூட்டில இருக்கிற நாள்ல மட்டும். இவன் லீவு போட்டா கார்க்கும் லீவு போடுமாய்யா? கூப்ட்டுக் கேட்டேன், சொல்லிட்டான். இன்னிக்கு அவன் காதத் தொட்டதும் நான் சொல்லித்தான்." பெரிய கிளாசில் அந்தக் கெட்ட ஒயினை நிரப்பி என் பக்கம் தள்ளினார். "நல்லா இருக்குன்னியே. குடி."

துப்ப விடவில்லை. கடைசிச் சொட்டு வரை குடித்தேன். புளிப்பும் துவர்ப்பும்தான் தெரிந்தன. மலையைப் பார்த்துச் செய்த சத்தியம் அத்தோடு சரி. அவமானத்தில் காது இரண்டும் கொதித்தன. அவன் இன்னும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

வேலையை விட்டு எடுக்கவில்லை. அவ்வளவு நல்ல மனசு. "பின்னாடி கக்கூசு கழுவுற ஆளு நிக்க மாட்டேங்கிறான், நாத்தம் தாங்கலையாம். உனக்குத்தான் அந்தக் கஷ்டம் இல்லையே" என்றார். மேஜையே மறுபடி சிரித்தது. மறுநாளிலிருந்து பக்க மேஜைக்கு அவன், கக்கூசுக்கு நான். ஊரில் என் மனைவி இன்னும் பாட்டில் திறக்கிற வேலை என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். நானும் திருத்தவில்லை.

சித்திரை வெயிலில் ஒரு நாள் கழுவிக்கொண்டிருந்தபோது குமட்டிக்கொண்டு வந்தது. முதலில் பினாயில், அதற்கு அடியில் மூத்திரம். வாளியை வைத்துவிட்டு வாசல்படியில் உட்கார்ந்து அழுதேன். போன மூக்கு திரும்பி வந்து முதலில் முகர்ந்தது அதைத்தான். நான் யாரிடமும் சொல்லவில்லை. மூக்கைப் பிடிக்காமல் கழுவுவதற்குத்தான் புதிதாகப் பழக வேண்டியிருந்தது.

பிறகு மழைக்காலம் வந்தது. ஒரு மதியம் அவன் சின்னக் கிளாசைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு பின்பக்கம் வந்தான். மூக்கு சிவந்து ஒழுகிக்கொண்டிருந்தது.

"அண்ணா, சளி. ஒண்ணுமே தெரியல. அந்த வக்கீலு வந்து குந்தியிருக்காரு, முதலாளியும் கூட இருக்காரு. உனக்கும் வாசனை தெரியாதுதான், ஆனா உன் கண்ணு தப்பாது. கலரப் பாத்துச் சொல்லுண்ணா."

வாங்கினேன். வெளிச்சத்தில் பிடித்தேன், சாய்த்துப் பார்த்தேன். பினாயில் நெடியையும் தாண்டி வந்தது, மழையில் ஊறிய அட்டைப்பெட்டி. லேசாகத்தான் இருந்தது. மேஜைக்குப் போய் வக்கீலின் கிளாசில் கொஞ்ச நேரம் இருந்தால் ஏறிவிடும்.

"கலர் நல்லா இருக்கு" என்றேன். பொய் சொல்லவில்லை. ஓரத்தில் ஒரு துளி பழுப்புகூட இல்லை.

"புண்ணியமாப் போவும்ணா" என்று ஓடினான்.

நான் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு நின்றேன். உள்ளே ஒரு கிளாசை மேஜையில் வைக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் முதலாளியின் குரல், பிரெஞ்சில். நீளமாக. அத்தனை சந்தோஷமாக நான் எந்தப் பாட்டையும் கேட்டதில்லை.

ஒரு மூக்குப் பிசகை முதலாளி எப்படித் தண்டிப்பார் என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மறுநாள் காலை அவன் பின்பக்கம் வந்து நின்றான். பக்க மேஜைக்கு மதராசிலிருந்து புது ஆள் வருவதாகச் சொன்னான். எனக்குத் தோட்டத்து வேலையாம். வாளியையும் துடைப்பத்தையும் அவன் கையில் கொடுத்தேன். சளி அதற்குள் விட்டிருக்க வேண்டும். கதவைத் திறந்ததும் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு ரெண்டு அடி பின்னால் வந்தான்.

"எப்பவும் இப்படித்தான் நாறுமாண்ணா?"

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.