சூடு ஆறாமல் கட்டிய மாவு

என் அண்ணி நாகவேணியின் சமையலறை அலமாரியில் ஒரு தட்டு உண்டு. அதில் சாமான் எதுவும் வைக்கக்கூடாது. கையகலப் பொட்டலங்கள் மட்டும் வரிசையாக நிற்கும். ஒவ்வொரு முறை மாவு அரைத்துக் கட்டும்போதும் அதே மாவில் ஒரு பிடி எடுத்து, அதேபோலக் கட்டி, தேதி எழுதி அங்கே வைத்துவிடுவாள். பத்து நாளைக்கு ஒருமுறை ஒன்றைப் பிரித்து முகர்ந்து பார்ப்பாள், நாக்கில் வைப்பாள், பிறகு நோட்டில் ஒரு வரி எழுதுவாள்.

யாராவது "எத்தன நாளு தாங்கும்?" என்று கேட்டால் அவள் பதில் அந்தத் தட்டிலிருந்துதான் வரும். பர்கூரில் அவளிடம் மாவு வாங்கும் முப்பது வீடுகளும் அந்தப் பதிலை நம்பின.

நான்கு வருடம் வடக்கே ஊர் ஊராகக் கணக்கெடுப்பு வேலை பார்த்துவிட்டு, அந்த ஐப்பசியில்தான் அண்ணன் வீட்டுக்கு வந்திருந்தேன். அண்ணன் லாரியோடு குஜராத் போயிருந்தார். மழை மூன்று நாளாக விடவில்லை.

பின்தெரு மாதம்மாளின் மருமகள் யோகலட்சுமி, ஒன்பது மாதக் கைக்குழந்தையோடு பட்டாளத்தில் இருக்கும் கணவன் சிவராஜிடம் பதான்கோட் புறப்பட்டுக்கொண்டிருந்தாள். பெட்டியில் வரும் குழந்தை உணவு எதைக் கொடுத்தாலும் அந்தக் குழந்தை கக்கிவிடும். கேழ்வரகுக் கஞ்சி ஒன்றுதான் வயிற்றில் நிற்கும். அங்கே கடைகளில் கேழ்வரகு கிடைக்காது என்பது எனக்கே தெரியும். மூன்று மாதம் கழித்துத்தான் சிவராஜ் லீவில் ஊருக்கு வருவான். அதுவரை குழந்தைக்கு வேண்டியது இங்கிருந்து போக வேண்டும்.

"மொள கட்டி அரைச்சுக் குடுடீ நாகா. புள்ளைக்கு நல்லது" என்றாள் மாதம்மாள்.

"மொள கட்டுனது ஒரு மாசம்தான் நிக்கும் பெரிம்மா. அப்புறம் கசக்கும். வறுத்து அரைச்சதுன்னா ரெண்டரை மாசம்னு தைரியமா சொல்லுவேன்."

"மூணுன்னே சொல்லேன். உனக்கு ஒரு அரை மாசத்துல என்னா நஷ்டம்?"

"எனக்கு இல்ல. உம் பேத்திக்கு."

கூடவே கேட்டிருந்த அரிசி மாவையும் கடலை மாவையும் முந்தின நாளே அரைத்துக் கட்டிவிட்டாள். கழுவி, நிழலில் நன்றாகக் காயவைத்த பச்சரிசியை வீட்டு மிஷினில் அரைத்து, இரும்புச் சட்டியில் சிறு தீயில் வறுத்தாள். இரண்டு விரலால் அள்ளித் தரையில் இழுத்துப் பார்த்தபோது கோலம் போல இழை அறுபடாமல் விழுந்தது. "ஆச்சு" என்று சட்டியை இறக்கினாள். கடலைப்பருப்பைக் கருக விடாமல் லேசாகச் சூடு காட்டி, ஆறவிட்டு அரைத்து, கண் சிறுத்த சல்லடையில் இரண்டு முறை சலித்தாள். மேலே நின்ற குருணையை மறுபடி மிஷினில் போட்டாள்.

கேழ்வரகுதான் பாக்கி. கல் அரித்துக் கழுவியதை மழையால் வெயிலில் போட முடியவில்லை. இரண்டு நாள் விசிறிக்கடியில் காயப்போட்டிருந்தாள். புறப்படும் அன்று காலை பத்துக் கிலோவையும் சிறிது சிறிதாக வறுத்தாள். மணி வெடித்து வாசம் வந்ததும் ஒன்றைக் கடித்துப் பார்த்தாள். டக்கென்று உடைந்தது. ஆற வைத்து மிஷின் பக்கம் திரும்பினோம். கரண்ட் போய்விட்டது.

பத்து மணிக்குப் போனது பன்னிரண்டரைக்கு வந்தது. அதற்குள் மாதம்மாள் இரண்டு முறை வந்துவிட்டாள். வேன் இரண்டரைக்கு. ஜோலார்பேட்டையில் ரயில் ஆறு பத்துக்கு. ஆறு கிலோ அரைத்துச் சலித்து முடிக்கும்போது மறுபடி கரண்ட் போனது. நான்கு கிலோ மணியாகவே நின்றது.

மிஷினிலிருந்து வரும் மாவு உள்ளங்கையைச் சுடும். அதை வெள்ளைத் துணியில் மெல்லிசாகப் பரப்பி, விசிறியைப் போட்டு, இரண்டு மணி நேரம் யாரையும் அந்த அறைக்குள் விடமாட்டாள். அன்று விசிறி இல்லை. காற்றில் மழை ஈரம் வேறு.

மூன்றாவது முறை வந்த மாதம்மாள் வாசலிலேயே நின்றாள். "ஏன்டீ, மாவுக்கு என்னா ஜொரமா? தொட்டுத் தொட்டுப் பாக்கற. கட்டிக் குடு, வேன்காரன் ஆரன் அடிக்கறான்."

அண்ணி மாவில் கைவைத்தாள். நானும் வைத்தேன். இளஞ்சூடு இருந்தது.

"இன்னும் அரை மணி நேரம் பெரிம்மா."

"அரை மணி நேரம் ரயிலு நிக்குமா? நீ போயி நிறுத்திட்டு வா!"

அண்ணி என்னைப் பார்த்தாள். பிறகு பையை விரித்து மாவை அள்ளத் தொடங்கினாள். சீல் போடும் மிஷினுக்கும் கரண்ட் இல்லாததால் மெழுகுவர்த்தித் தீயில் பையின் வாயைக் காட்டி ஒட்டினோம். ஒரு கிலோ வீதம் ஆறு பைகள். கடைசியில் ஒரு பிடி மாவைச் சின்னப் பொட்டலமாகக் கட்டித் தட்டில் வைத்தாள். மருமகளை ரயிலேற்ற மாதம்மாளும் ஏறிக்கொள்ள, வேன் போய்விட்டது.

நான்கே காலுக்குக் கரண்ட் வந்தது. விளக்கு எரிந்ததும் அண்ணி நேராகத் தட்டுக்குப் போனாள். பொட்டலத்தை வெளிச்சத்தில் தூக்கினாள். பையின் உட்புறம் பனி படர்ந்தது போல மங்கியிருந்தது. ஒட்டிய விளிம்பின் கீழே மாவு மிளகளவு உருண்டைகளாகத் திரண்டிருந்தது.

"வேர்த்துடுச்சு" என்றாள்.

நான் யோகலட்சுமிக்குப் போன் போட்டேன். எடுத்தது மாதம்மாள். அண்ணி போனை வாங்கினாள்.

"பெரிம்மா, கேவுரு மாவு கெட்டுப்போவும். சூட்டோட கட்டிட்டேன். அதத் தொடாதீங்க."

"அதெல்லாம் ஒண்ணும் ஆவாது. அந்த ஊரு குளிருக்கு எது கெடும்? போயி வறுத்துக்குவா."

"ரெண்டு ராத்திரி, ரெண்டு பகல் பொட்டிக்குள்ள அடைஞ்சி கெடக்கும். அதுக்குள்ள புளிச்சிரும். பூஞ்சை வந்தா வறுத்தாலும் போவாது."

"அப்ப என் பேத்தி என்னத்தத் திங்கறது? மாவக் குப்பையில போடுன்றயா? வை போன!"

அண்ணி போனை என்னிடம் நீட்டினாள். அவள் கண் அரைக்காமல் கிடந்த நான்கு கிலோ மணி மேல் இருந்தது. ஒரு மணியை எடுத்துக் கடித்தாள். இன்னும் டக்கென்றே உடைந்தது.

"தேனு, வண்டிய எடு."

துணிப்பையில் மணி, அதற்கு மேல் இரண்டு பாலிதீன் உறை. மடியில் அவளுடைய கண் சிறுத்த சல்லடை. மழைக்கோட்டுக்குள் அதையெல்லாம் அணைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தாள். பர்கூரிலிருந்து ஜோலார்பேட்டை முப்பது கிலோமீட்டருக்கு மேல். கந்திலி தாண்டியதும் சாலையில் தண்ணீர். லாரி ஒன்று குறுக்கே நின்று இருபது நிமிடம் தின்றது. அண்ணி என் தோளைத் தட்டி மணி கேட்டுக்கொண்டே இருந்தாள். ஐந்து இருபது. ஐந்து நாற்பது. ஒருமுறை மட்டும், "தட்டுல வெக்காம இருந்திருந்தா தெரிஞ்சே இருக்காது" என்றாள்.

நடைமேடைக்கு ஓடியபோது ஆறு ஐந்து. பெட்டிகளின் நடுவே யோகலட்சுமி குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். மாதம்மாள் எங்களைக் கண்டதும் எழுந்தாள்.

"வந்துட்டாளா மகராணி! ஊருக்கெல்லாம் தேதி எழுதிக் குடுக்கறவ, எங்க வூட்டுக்கு மட்டும் கெட்ட மாவு."

சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஆமா பெரிம்மா, தப்பு என்னுதுதான். நீ அவசரப்படுத்துன. ஆனா மாவு சுடுதுன்னு எனக்குத் தெரியும், தெரிஞ்சேதான் கட்டுனேன்" என்றாள் அண்ணி. "யோகா, அந்தப் பைய எடும்மா."

யோகலட்சுமி பெட்டியைத் திறந்து ஒரு பையை எடுத்தாள். அண்ணி பல்லால் விளிம்பைக் கிழித்து, உள்ளே கைவிட்டு ஒரு பிடி அள்ளி இறுக்கினாள். விரலைப் பிரித்தபோது மாவு உதிரவில்லை. விரல் தடங்களோடு கொழுக்கட்டை போல அப்படியே நின்றது. அதை மாதம்மாளின் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"இத இப்ப வூட்டுல விரிச்சி காய வெச்சா பொழைக்கும். நான் எடுத்துட்டுப் போறேன். ரயிலுக்குள்ள பொழைக்காது. நீயே சொல்லு, இத மூணு மாசம் வெச்சிக் குடுக்கலாமா?"

மாதம்மாள் அந்த உருண்டையைத் தொட்டுப் பார்த்தாள். விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். "அரிசி மாவு? கடல மாவு?" என்றாள், குரல் இறங்கி.

"அது நேத்தே ஆறுனது. நல்லாருக்கும்."

ரயில் வரும் அறிவிப்பு கேட்டது. அண்ணி துணிப்பையை யோகலட்சுமியின் கையில் வைத்தாள்.

"இது வறுத்த மணி. மாவா இருந்தாத்தான் சீக்கிரம் கெடும். மணியா இருந்தா தாங்கும். மிக்சி இருக்குதுல்ல?"

"இருக்குதுக்கா. சின்ன ஜாரும் இருக்குது."

"நாலு நாளைக்கு வேண்டியத மட்டும் அரை. உட்டு உட்டு அரை, ஜாரு சுடக்கூடாது. இந்தச் சல்லடையில சலி. மேல நிக்கறத மறுபடி போடு. சலிச்சத தட்டுல கொட்டி ஆறவுட்டு அப்புறம்தான் டப்பாவுல போடணும். ஆறவுடாம போட்டன்னு வெச்சிக்கோ..." நிறுத்தினாள்.

"உங்கள மாதிரி ரயிலுக்கு ஓடணும்" என்றாள் யோகலட்சுமி.

மாதம்மாள்தான் முதலில் சிரித்தாள். பிறகு உடனே முகத்தைச் சுருக்கிக்கொண்டு, "நாலு கிலோ மூணு மாசம் வருமா?" என்று கேட்டாள்.

"கஞ்சிதானே, புள்ளைக்கு மட்டும்னா ஒரு வேளைக்கு ஒன்னரை ஸ்பூனு. தாராளமா வரும். பத்தலன்னா பார்சல் போடறேன், மணியாவே."

ரயில் வந்தது. பெட்டிகளை ஏற்ற நான் ஓடினேன். திரும்பிப் பார்த்தால் அண்ணி அந்த ஆறு பைகளையும் கைப்பிள்ளைகள் போல மார்போடு அணைத்து நடைமேடையில் நின்றிருந்தாள். ரயில் நகர, ஜன்னல் கம்பிக்குப் பின்னால் யோகலட்சுமியின் மடியில் அந்தச் சல்லடை போய்க்கொண்டிருந்தது. பதினோரு வருடமாக அவள் வைத்திருந்தது. வேறு யாருக்கும் இரவல்கூடக் கொடுத்ததில்லை.

அன்று வீட்டுக்கு வந்ததும் ஆறு கிலோவையும் துணியில் விரித்து விசிறி போட்டாள். மறுநாள் மறுபடி சட்டியில் சூடு காட்டி ஆற வைத்தாள். யாருக்கும் தரவில்லை. ஒரு வாரம் எங்கள் வீட்டில் மூன்று வேளையும் களிதான்.

தட்டில் இருந்த சின்னப் பொட்டலத்தை மட்டும் பிரிக்காமல் விட்டிருந்தாள். பத்தாம் நாள் கத்தரித்தாள். முகர்ந்து பார்த்து என்னிடம் நீட்டினாள். ஈரச் சாக்கின் வாடை. அடியில் உருண்டை ஒன்றின் மேல் பச்சையாக ஒரு புள்ளி. நோட்டில் தேதி போட்டு எழுதினாள்: 'சூட்டோடு கட்டியது. பத்து நாள். கெட்டது.' அந்த வரிக்கு எதிரில் தன் பெயரையும் எழுதினாள். வேறு எந்த வரிக்கும் அப்படி எழுதியதில்லை.

பிறகு கையைக் கழுவிக்கொண்டு பதான்கோட்டுக்குப் போன் போட்டாள்.

"யோகா, புள்ள குடிக்குதா?"

"குடிக்குதுக்கா. வாயத் தொறந்துட்டு ஒக்காந்திருக்கறா. மிக்சி சத்தத்துக்குத்தான் அழுவறா."

அண்ணி அப்போதுதான் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.