ரப்பரால் எண்ணிய அலைகள்

ராஜபாளையத்தில் நான் பங்கு வாங்கி விற்கும் தரகர் அலுவலகத்தில், அலை எண்ணுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று நினைத்திருந்தேன். விலை ஐந்து அலைகளாக ஏறும், மூன்று அலைகளாக இறங்கும், அம்புட்டுதான் சங்கதி. விலைப்படத்தை அச்செடுத்து, பென்சிலால் ஒன்று, இரண்டு என்று குறிப்பேன்.

ஒரு நூல்மில் பங்கை வாங்கியிருந்தேன். ஆகவே எனக்கு அதில், ஏற்றத்தின் நடுவே சற்று இறங்கும் இரண்டாம் அலை முடிந்து, பெரிதாக ஏறும் மூன்றாவது கிளம்பவிருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்த என் மச்சினன் அந்தப் பங்கை வாங்கவில்லை. அவனுக்கு அதே படத்தில் ஐந்து அலையும் எப்போதோ முடிந்து, இறக்கம் நடந்துகொண்டிருந்தது.

"அத்தான், எந்த விலைக்குக் கீழ போனா உங்க எண்ணிக்கை தப்பு?" என்றான்.

"தொண்ணூறு. முதல் அலை ஆரம்பிச்ச இடத்துக்குக் கீழ ரெண்டாவது அலை போகக் கூடாது. அது விதி."

"அப்ப அங்கேயே விக்க ஆர்டர் போட்டு வைங்க."

"எம்புட்டு வருஷமா எண்ணுதேன், எனக்கே பாடமாடே?" என்று எரிந்து விழுந்தேன். போடவில்லை.

மறுவாரம் விலை எண்பத்தெட்டு. நான் விதியை மீறுகிறவனில்லை. முதல் அலையின் ஆரம்பத்தை ரப்பரால் அழித்து, எண்பத்தெட்டில் குறித்தேன். அதுவும் உடைந்தது, மறுபடி அழித்தேன். எழுபதுக்கு வந்தபோது காகிதமே கிழிந்துவிட்டது.

இப்போதும் எண்ணுகிறேன். தப்பாகும் விலையைப் பேனாவால் எழுதி, வாங்கின கையோடு அங்கே விற்க ஆர்டரும் போட்டுவிடுகிறேன். ரப்பர் மட்டும் ஸ்ரீவில்லிபுத்தூரில், மச்சினன் சட்டைப் பையில் இருக்கிறது.