குகதாசன் ஜூனியர்

சாரதாதேவிக்கு இரண்டு பிறந்தநாள். அம்மா சொன்னது ஆவணி மாதம்; அவளை வெளிநாட்டுக்கு ஏற்றிவிட்ட ஏஜென்சிக்காரன் செய்துகொடுத்த கடதாசியில் ஜனவரி ஒன்று. பிரெஞ்சு அரசாங்கத்துக்கு ஏஜென்சிக்காரன் சொன்னதுதான் உண்மை.

லா ஷப்பல் இரத்தப் பரிசோதனைக் கூடத்தின் வரவேற்பு மேசையில் பதினெட்டு வருடமாக இருக்கிறாள். தன்னைப்போல இரட்டைத் திகதிக்காரர் எத்தனையோ பேரைக் கண்டவள். ஒரே ஆளுக்கு இரண்டு கோப்பு திறந்து கிடந்தால் கண்டுபிடித்து ஒன்றாக்கிவிடுவாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அன்று காலை வந்தவர் கரிகாலன் குகதாசன். நியூ ஜெர்சியிலிருந்து மகனைப் பார்க்க வந்த சிறுநீரக வருத்தக்காரர். பெயரைத் தட்டினாள். திரையில் ஏற்கெனவே ஒரு கோப்பு: குகதாசன் ஜூனியர், கரிகாலன், மார்ச் 9, 1996. பிறந்த இடம் வெறுமை. கையிலிருந்த பாஸ்போர்ட்டில் மார்ச் 9, 1966. ஓர் இலக்கம் பிசகியிருக்கிறது என்று நினைத்தாள்.

ஜூனியருக்கென்று படிவத்தில் பெட்டி கிடையாது. பழைய கோப்பைத் திறந்தபோது காட்டிய பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் வரியில் கிடந்ததை, பக்கத்து மேசை ஜெனவியேவ் அப்படியே அடித்திருந்தாள். சாரதாதேவிக்கு அது ஏதோ பட்டம்போலப் பட்டது. தகப்பன் பெயரை மகன் தன் பெயரோடு சேர்ப்பான். தன் முழுப்பெயரையும் தூக்கி மகனுக்கு வைக்கிற யாழ்ப்பாணத்தாரை அவள் கண்டதில்லை. அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வரிசை வாசல்வரை நின்றது. இரண்டையும் ஒன்றாக்கினாள். பழைய கோப்பின் தொலைபேசி இலக்கமே தங்கிவிட்டது.

மாலை ஐந்தரைக்குப் பொட்டாசியம் ஏழு என்று வந்தது. இதயத்தை நிறுத்தக்கூடிய அளவு. பரிசோதனைக்கு எழுதிக்கொடுத்த டொக்டர் தொலைபேசியை எடுக்கவில்லை. கோப்பிலிருந்த இலக்கத்தை அழுத்தினாள்.

"கரிகாலனோ? ரிசல்ட் சரியில்லை. உடனை ஆஸ்பத்திரிக்குப் போங்கோ."

எடுத்தவன் சிரித்தான். தான் லியோனில் நிற்கிறானாம், இன்றைக்கு இரத்தமே கொடுக்கவில்லையாம். பிறகு சிரிப்பு நின்றது.

"அது அப்பா, அன்ரி. நான் ஜூனியர். அவரின்ரை பிறந்தநாளிலதான் பிறந்தனான். அதாலை பேரையும் எனக்கே தந்திட்டார்."

"அப்பா இப்ப எங்கை?"

"செவ்ரானிலை, என்ரை வீட்டிலை. தனிய. கால் சோருது எண்டு மத்தியானம் சொன்னவர்."

விலாசத்தைக் கேட்டு எழுதிக்கொண்டு அவசர உதவிக்கு அடித்தாள். கதவை உடைத்துத்தான் தூக்கினார்களாம். எட்டு மணிக்கு மகன் அழைத்தான்: இதயம் இரண்டு தரம் தடுமாறியதாம், இப்போது பரவாயில்லையாம். அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் பொறுப்பு டொக்டர் கோப்பை மறுபடி இரண்டாகப் பிரித்தார். மகனுடையதில் ஜூனியர், பாஸ்போர்ட்டில் உள்ளபடியே. சாரதாதேவியின் தவறு அறிக்கையைப் படித்துவிட்டு, இதுவரை அவள் ஒன்றாக்கிய கோப்புகளின் பட்டியலை எடுத்துத் தரச் சொன்னார்.

இருநூற்றுப் பதினொரு பெயர்; அதில் எத்தனை உண்மையில் இரண்டு ஆட்களோ. முதல் பெயரில் விரலை வைத்தவள், அதை எடுக்கவேயில்லை.