உறையின் மேல் என்ன எழுதுவது

திருவிழா நெருங்கும்போதே எழுத்தரம்மாவுக்குக் கழுத்துவலி வந்துவிடும். மாதா கோவிலை ஒட்டிய பங்கு அலுவலகத்தில் அவர் ஒருவர்தான். விசிறியைப் போட்டால் காகிதம் பறக்கும், நிறுத்தினால் வேர்க்கும். இந்தப் பங்கில் பணியாற்றிப் போன சாமியார்கள் எல்லாருக்கும் அழைப்புக் கடிதம் போக வேண்டும். ஆயருக்கு ‘மேதகு’, முதன்மைக் குருவுக்குப் ‘பேரருட்திரு’, மற்றவர்களுக்கு ‘அருட்திரு’. உள்ளே திருப்பலி நிறைவேற்றித் தரும்படி வேண்டுகோள். கடைசியில் ‘தங்கள் குருத்துவ ஆசீரை வேண்டும் பங்கு மக்கள்’ என்ற வரி. கண்ணை மூடிக்கொண்டே எழுதிவிடுவார்.

இந்த ஆண்டு ஓர் உறையில் கை நின்றுவிட்டது.

அது பழைய சாமிக்கு. ஏழு ஆண்டுகள் இங்கே பங்குத்தந்தையாக இருந்தவர். எழுத்தரம்மாவின் கணவர் இறந்த மாதமே அழைத்து இந்த வேலையைக் கொடுத்தவர். பிறகு முறைப்படி எழுதிக் கேட்டு, அனுமதி வாங்கி, குருத்துவத்தை விட்டுத் திருமணம் செய்துகொண்டார். அதன் பிறகு இந்தப் பக்கம் வரவில்லை. போன வாரம் யாரிடமோ, “கூப்பிட்டா வருவேன், கூப்பிடாம வரமாட்டேன்” என்று சொல்லியிருக்கிறார்.

“எழுதுங்கம்மா. ஆயர் இல்லத்துல கேட்டுட்டேன். மக்களோட மக்களா வந்து உக்காரலாம், தடையில்ல” என்றார் இப்போதைய பங்குத்தந்தை.

“என்னன்னு எழுத ஃபாதர்?”

“அதான் நீங்க இருக்கீங்களே” என்று சொல்லிவிட்டு நோயாளி ஒருவரைப் பார்க்க வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பங்குப் பேரவைத் துணைத்தலைவரான மருந்துக்கடைக்காரர் நன்கொடை ரசீது வாங்க வந்தவர், மேசையை எட்டிப் பார்த்தார்.

“அருட்திருன்னு போட்டுடாதீங்கக்கா. நாளைக்கே ஊர் சிரிக்கும்.”

“போட மாட்டேன். அது பொய்யி.”

“வெறும் திருன்னு போடுங்க. கரண்டு பில்லு அப்படித்தானே வருது?”

“உங்க பொண்ணுக்கு ஞானஸ்நானம் குடுத்தது கரண்டு ஆபீசா தம்பி?”

அவர் ரசீதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, “நான் ஒண்ணும் சொல்லலப்பா” என்று படியிறங்கினார்.

பட்டம் மட்டுமா சிக்கல்? எழுத்தரம்மா வழக்கமான கடிதத்தை எடுத்து வைத்து ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்தார். ‘அருட்திரு’ போனால் திருப்பலி வேண்டுகோள் போக வேண்டும். அது போனால் ஆசீர் கேட்பதும் போக வேண்டும். மிஞ்சியது தேதியும் முத்திரையும்தான். பல் பிடுங்கிய வாய் மாதிரி இருந்தது. இதை அனுப்பினால், எதையெல்லாம் எடுத்திருக்கிறோம் என்பதைத்தான் அவர் முதலில் படிப்பார். கடிதம் எழுதக் கற்றுக்கொடுத்ததே அவர்தானே.

தண்ணீர் குடித்தார். கழுத்தைத் தேய்த்துக்கொண்டார். பேசாமல் தபாலில் தொலைந்துவிட்டதென்று சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு நினைப்பு வந்து போனது.

பிறகு அந்தக் கடிதத்தை ஒதுக்கிவிட்டு வேறொன்றை எடுத்தார். வெளியூரில் குடியேறிய பங்குக் குடும்பங்களுக்குப் போகும் கடிதம். அதில் யாரும் திருப்பலி வைக்க வேண்டாம், ஆசீர் தர வேண்டாம், வந்தால் போதும். உறையின் மேல் ‘பெருமதிப்பிற்குரிய’ என்று எழுதி, அவர் பெயரையும் அவர் மனைவி பெயரையும் சேர்த்து எழுதினார். உள்ளே, ‘ஏழு ஆண்டுகள் எங்கள் பங்குத்தந்தையாக இருந்த தாங்களும் தங்கள் துணைவியாரும் வந்து எங்களோடு செபிக்க வேண்டும்’ என்ற ஒரு வரியைக் கையால் சேர்த்தார். அதில் பொய் எதுவும் இல்லை. குறைத்ததும் இல்லை. பங்குத்தந்தை இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

நான்காம் நாள் தொலைபேசி அடித்தது. ஒரு பெண் குரல்.

“எங்க ரெண்டு பேருக்கும் லெட்டர் வந்துச்சுங்க. கோவில்லேர்ந்து என் பேரு போட்டு வந்தது இதான் முதல் தடவை. நீங்கதான் எழுதினதாமே, எழுத்தைப் பாத்ததுமே சொல்லிட்டார்.”

“படிச்சாரா?”

“படிச்சார். இருங்க, குடுக்கறேன்.”

எழுத்தரம்மா எழுந்து நின்றுவிட்டார்.

“அம்மா, நல்லா இருக்கீங்களா?”

“இருக்கேன் சாமி.” சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“நான் இப்ப சாமி இல்லம்மா.”

“வேற எப்படிக் கூப்பிடறதுன்னு தெரியலயே.”

“எழுத்துல கண்டுபிடிச்சிட்டீங்க, வாயில வரமாட்டேங்குதா?” சிரித்தார். பழைய சிரிப்பேதான், கொஞ்சம் இருமலோடு. “சரி, நேர்ல வந்து யோசிப்போம். ஊருக்குள்ள எந்த பஸ் இப்ப வருது?”

எழுத்தரம்மா சொன்னார். தொலைபேசியை வைத்த பிறகும் சற்று நேரம் நின்றபடியே இருந்தார். பிறகு உட்கார்ந்து, இன்னும் ஒட்டாத உறைகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.