அம்மாவின் பையில் எதைத் தைப்பது, எதை விடுவது

கொச்சியில், மட்டாஞ்சேரி கடைவீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் நானும் என் கணவரும் பை ரிப்பேர் கடை வைத்திருக்கிறோம். மெஷின் அவருடையது. கைத்தையலும், வருகிறவர்களுக்குப் பதில் சொல்வதும் என் பாடு. பழைய தோல் பையோடு யாராவது வந்தால் எடுத்தவுடன் விலை சொல்லமாட்டேன். தையல் ஓடும் ஓரத்தைப் பிடித்து இழுத்துப் பார்ப்பேன். ஊசித் துளைகளுக்கு நடுவே தபால்தலை கிழிகிற மாதிரி கிழிந்தால் அந்தத் தோலுக்கு ஆயுசு முடிந்தது. தாங்கினால் மடித்துப் பார்ப்பேன், மடிப்பில் வெடிப்பு விடக்கூடாது. அதற்குப் பிறகுதான் கணக்கு. அதே தரத்தில் புதுப் பை என்ன விலையோ, அதில் பாதிக்குள் வேலை முடிந்தால் தைக்கலாம். தாண்டினால் புதுசு வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடுவேன். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று ஆகிவிடக்கூடாது அல்லவா. வருகிற வேலையை விரட்டுகிறேன் என்று கணவர் முனகுவார். முனகட்டும்.

இந்தக் கறார் எல்லாம் அம்மாவின் பை கடைக்கு வரும்வரைதான்.

அம்மா ஒரு மிளகுக் கிடங்கில் கணக்கு எழுதியவள். காலையில் கதவு திறக்கிற சாவியும் அவள் பொறுப்பு. அந்தச் சாவி இருந்த பழுப்புத் தோல் பைதான் இது; வேலை போன பிறகும் சாவியை யாரும் திரும்பக் கேட்கவில்லை. கிடங்கை மூடி, அந்தக் கட்டடத்தில் காப்பிக்கடை வந்து, அங்கே வெள்ளைக்காரர்கள் உட்கார்ந்து கேக் தின்கிறார்கள். அம்மாவுக்கு மட்டும் கிடங்கு இன்னும் மூடவில்லை. மறதி நோய் என்றார் டாக்டர். தேதி போயிற்று, சாப்பிட்டது போயிற்று, அப்பா இறந்ததுகூடப் போயிற்று. பை போகவில்லை. தோளில் மாட்டிக்கொண்டு, ஜிப்பைத் திறந்து, கையை உள்ளே விட்டுத் துழாவி, சாவி இருக்கிறது என்று தெரிந்தால் சாந்தமாகிவிடுவாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் துழாவல்.

அந்தப் பையைக் கெடுத்தது தேங்காய் எண்ணெய். இங்கே மழைக்காலத்தில் தோலில் பூஞ்சை படியும். உடனே நம் ஆட்கள் தலைக்குத் தேய்க்கிற எண்ணெயை எடுத்து அதற்கும் தேய்த்துவிடுவார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை தேய்த்தாலே தோல் கறுத்துத் தொளதொளத்துவிடும். அம்மாவுக்கோ தேய்த்ததும் மறந்துபோகும். திரும்பவும் தேய்ப்பாள். நான் பாட்டிலை ஒளித்து வைத்தால் சமையலறையில் கண்டுபிடித்துவிடுவாள். தோள்வார் நீண்டு நீண்டு, ஒரு நாள் அது பையோடு சேர்கிற இடத்தில் பிய்ந்து வந்துவிட்டது.

கடைக்குக் கொண்டுவந்து கணவர் முன்னால் வைத்தேன். அவர் விளக்கைக் கிட்டே இழுத்து, பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வாரும் வளையமும் அறுநூறு. ஜிப் மாத்தணும், முந்நூத்தம்பது. உள்துணி எழுநூறு. மூலை நாலும் தேஞ்சு போச்சு, ஒட்டுப் போட நானூறு. கலர் அடிக்க எண்ணூறு" என்றார். "அதுவும் இந்த எண்ணெயில பசையும் நிக்காது, கலரும் பிடிக்காது."

மொத்தம் இரண்டாயிரத்து எண்ணூற்றைம்பது. மூவாயிரத்து ஐந்நூறுக்கு நல்ல தோல் பை புதுசாகவே கிடைக்கும். வேறு யாராவது கேட்டிருந்தால் தூக்கிப் போடுங்கள் என்று அப்போதே சொல்லியிருப்பேன். அம்மாவுக்கும் அதையே செய்தேன். அதே பழுப்பில், ஏறக்குறைய அதே அளவில் ஒரு பை வாங்கி, சாவியை உள்ளே போட்டுக் கொடுத்தேன்.

அம்மா அதைத் தொட்டுப் பார்த்தாள். முகர்ந்தாள். மடியிலிருந்து எடுத்து மேசைமேல் மரியாதையாக வைத்தாள்.

"இது ஆரோட பை மோளே? பாவம், அந்தப் புள்ள தேடிட்டிருக்கும். கொண்டு கொடுத்துடு" என்றாள்.

"உங்களுக்குத்தான்ம்மா. சாவி உள்ளேயே இருக்கு பாருங்க."

"என் சாவி அவ பையில எப்படி வந்துச்சு?"

அவள் முகத்தில் பயம் வந்தது. நான் பயந்துவிட்டேன். அதற்குப் பிறகு கஞ்சி வேண்டாம், சாயா வேண்டாம். வாசல்படியில் போய் நின்றுகொண்டாள். கிடங்கு திறக்கவில்லை, மூட்டை தூக்குகிற சுமட்டுக்காரர்கள் வெயிலில் நிற்கிறார்கள், தன்னைத் திருடி என்பார்கள் என்று சொல்லிச் சொல்லி அழுதாள். தாய் அழுவதைப் பார்த்துக்கொண்டு எந்தக் கணக்கைப் போடுவது? அடுத்த நாளும் அதேதான். சாவியைத் திரும்பப் போட்டுப் பழைய பையை அப்படியே கொடுக்கலாம் என்றால், பிய்ந்த வாரைப் பார்த்து யாரோ அறுத்துவிட்டார்கள் என்று இன்னும் கலங்கினாள்.

"விடு. எவ்வளவு ஆனாலும் ஆகட்டும். அத்தைக்குப் புதுப் பை மாதிரியே ஆக்கிக் கொடுத்துடறேன்" என்றார் கணவர். மாமியார் பை அல்லவா, தன் கைவரிசை முழுவதையும் காட்டிவிட வேண்டும் அவருக்கு.

"புதுசு மாதிரி ஆனா அதையும் அவங்க திருப்பிக் கொடுத்துடுவாங்க" என்றேன்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. அரைகுறை வேலை நம் கடையிலிருந்து போகலாமா என்று கேட்டார். எனக்கும் கோபம் வந்தது. போகலாம், இது போகலாம் என்றேன்.

உட்கார்ந்து யோசித்தேன். பாரம் தாங்குகிற இடம் எது, பார்வைக்கு மட்டும் இருக்கிற இடம் எது? தேய்ந்த மூலையால் பை விழாது. நிறம் மங்கினால் சாவி தொலையாது. உள்துணி ஓரிடத்தில் கிழிந்திருந்தது, ஆனால் அம்மாவின் விரல்கள் அந்தக் கிழிசல் வழியாகத்தான் சாவியைத் தேடும். அதைத் தைத்தால் விரல் தடுமாறும். ஜிப்பின் பல் எல்லாம் நன்றாகவே இருந்தது, ஓடுகிற தலை மட்டும் தேய்ந்திருந்தது. தலையை மாற்றி, பழைய இழுப்பானையே அதில் கோத்தேன். அதற்கு நூறு ரூபாய் வாங்குவோம்.

வார்தான் பெரிய வேலை. எண்ணெயை இழுக்க டால்கம் பவுடரை அப்பி, பழைய துணியில் சுற்றி வைத்து, தட்டி, மறுபடி அப்பினேன். முழுக்கப் போகவில்லை. அதனால் பசையை நம்பாமல், பிய்ந்த இடத்துக்குக் கொஞ்சம் கீழே, துளை விழாத தோலில், உள்பக்கம் ஒரு தோல் துண்டை அணை கொடுத்து, மெழுகு நூலால் கையாலேயே தைத்தேன். தோளுக்குப் புது வார் விறைப்பாக இருக்கும் என்று, கழிவுக் கூடையில் கிடந்த பதமான பழைய வார் ஒன்றைத் தேடி எடுத்தேன். எல்லாம் சேர்த்து வெளியாளுக்கு எழுநூறு ஆகும். கணவர் எட்டிப் பார்த்தார். ஓரத்தில் நீட்டிக்கொண்டிருந்த ஒரு நூலை வெட்டிவிட்டார்.

அம்மாவைக் கடைக்கே கூட்டிவந்து ஸ்டூலில் உட்கார வைத்திருந்தோம். பையை நீட்டினேன். வாங்கித் தோளில் மாட்டினாள். வாரை இழுத்துப் பார்த்தாள். ஜிப்பைத் திறந்து, கையை உள்ளே விட்டு, கிழிசலுக்குள் விரலை நுழைத்தாள். சாவி சத்தம் கேட்டது. அவள் முகம் தெளிந்தது. என் நெஞ்சிலிருந்த கல்லும் இறங்கிற்று.

"எந்தா கூலி?" என்று கேட்டாள்.

விளையாட்டு என்றுதான் நினைத்தேன். "எழுநூறு. வாருக்கு அறுநூறு, ஜிப்புக்கு நூறு" என்றேன் சிரித்துக்கொண்டு.

அம்மா சிரிக்கவில்லை. முன்பின் தெரியாத ஒரு கடைக்காரியைப் பார்ப்பதுபோல என்னை ஏறிட்டுப் பார்த்தாள். அன்றுவரை அவள் என்னை மறந்ததில்லை.

"கூடுதலாத் தோணுது சேச்சி. என் மகளும் இந்த வேலைதான் செய்யறா. அவ ஆர்கிட்டயும் காசு பறிக்க மாட்டா" என்றாள். "அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுத் தரேன்."

கணவர் மெஷினை நிறுத்திவிட்டார்.

"கேட்டுட்டே தாங்க" என்றேன்.