கண்டது ஒரு கட்டம், முடிவு ஒரு கட்டம்

ஜெயசித்ராவைப் பற்றி யாராவது எழுதினால் நல்ல விதமாகத்தான் எழுதுவார்கள். அதனால் நானே எழுதிவிடுகிறேன். உறுவையாறு பக்கம் தகரக் கூரை போட்ட ஒரு ஷெட்டில், நெல்லுக்கு விதைநேர்த்தி செய்யும் நுண்ணுயிர்க் கரைசல் தயாரிக்கிறார்கள். நான் கஸ்தூரி, அங்கே பாட்டிலுக்கு லேபிள் ஒட்டும் இடத்துக்குப் பொறுப்பு. எனக்கும் லேபுக்கும் நடுவில் ஒரு கண்ணாடிக் கதவு மட்டும்தான். பதினேழு வருஷமாக அந்தக் கதவு வழியாக, லேபில் வேலை செய்யும் அவள் முகத்தைப் பார்க்கிறேன். அதில் கடைசி இரண்டு வருஷம் களைப்பைத் தவிர வேறு எதையும் பார்த்ததில்லை.

அவளுடைய அம்மாவுக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். விடியலில் அம்மாவைக் கொண்டுபோய் விட்டுவிட்டு, வில்லியனூர் நெரிசலில் ஸ்கூட்டியை நுழைத்து எட்டரைக்கு வந்து நிற்பாள். வந்ததும் இன்குபேட்டரைத் திறந்து, உள்ளே தொங்கும் தெர்மாமீட்டரைப் பார்த்து, நோட்டின் இடது ஓரத்தில் பென்சிலால் ஒரு எண்ணும் "ஜெ" என்று ஓர் எழுத்தும் போடுவாள். யார் முதலில் வருகிறார்களோ அவர்கள் போட வேண்டும் என்பது எங்கள் ஷெட்டின் வழக்கம். மற்றவர்கள் எல்லாம் இன்குபேட்டருக்கு வெளியே ஒளிரும், நாங்கள் செட் செய்து வைத்த எண்ணைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். அதில் எப்போதும் 28தான் இருக்கும்.

அக்டோபரில் கரைசலில் உயிர் எண்ணிக்கை விழுந்துவிட்டது. கரைசலைத் தண்ணீர் கலந்து படிப்படியாக நீர்க்கவைத்து, தட்டில் பரப்பி, இரண்டு நாள் இன்குபேட்டரில் வைத்து, முளைத்த காலனிகளை எண்ணுவார்கள். அறுபது, எழுபது வர வேண்டிய தட்டில் ஆறு வந்தது. லேப் பொறுப்பாளர் மணிவண்ணன் சார் அன்றைக்கே காரணம் கண்டுபிடித்துவிட்டார்: அம்சவள்ளிக்கு நீர்க்கவைக்கத் தெரியவில்லை. மணப்பட்டிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிற பெண், வேலைக்கு வந்து ஒரு வருஷம்தான். அவள் சம்பளத்தில்தான் வீடு நடக்கிறது. சில நாள் கழித்து, விசாரித்து முடிக்கும் வரை வராதே என்று அனுப்பிவிட்டார்கள். என்ன விசாரணையோ, யார் விசாரித்தார்களோ, அந்த ஆண்டவனுக்கே வெளிச்சம்.

பிறகு சான்றிதழ் தரும் நிறுவனத்திலிருந்து கடிதம் வந்தது. மூன்று மாத லேப் நோட்டைத் தேதிவாரியான பதிவேடாக்கி அனுப்ப வேண்டும். கண்ணால் கண்டது ஒரு கட்டத்தில், அதிலிருந்து எடுத்த முடிவு வேறு கட்டத்தில் இருக்க வேண்டும். அதைப் பார்த்துத்தான் அம்சவள்ளி விஷயத்தை முடிப்பேன் என்று முதலாளி சுப்பராயலு சொல்லிவிட்டார். வேலை யார் தலையில் விழும்? ஜெயசித்ரா தலையில்.

மணிவண்ணன் சார் நோட்டை அறுபத்துநாலு பக்கமும் போனில் படமெடுத்துக் கொடுத்தார். அவசரத்தில் எடுத்ததால் பக்கங்கள் முன்னும் பின்னுமாக இருந்தன. போன் காட்டிய தேதியோ எல்லாப் படத்துக்கும் ஒன்றே. அவள் பக்க எண்ணைப் பார்த்து வரிசைப்படுத்தி, நோட்டுக்குள் எழுதியிருந்த தேதியை மட்டும் எடுத்துக்கொண்டாள். தேதி இல்லாத பக்கத்துக்குத் தானாக ஒன்று போடவில்லை, "தேதி இல்லை" என்றே எழுதினாள். படிக்க முடியாத சொல்லுக்கு "படிக்க முடியவில்லை". அடித்துத் திருத்தியதை அடித்தபடியே போட்டாள். எனக்குப் பார்க்கவே எரிச்சலாக இருந்தது. ஏன்டி இப்படி உயிரை விடுகிறாய் என்று கேட்டதற்கு, நாம ஊகிச்சு எழுதினா அது நோட்டு இல்லக்கா என்றாள்.

மணிவண்ணன் சாரின் எழுத்தில் கண்டதும் முடிவும் சாம்பாரும் சாதமுமாகக் குழைந்து கிடந்தன. "14-10. அம்சவள்ளி சரியாக நீர்க்கவைக்காததால் 6 காலனிதான்" என்று ஒரே மூச்சில் எழுதியிருந்தார். ஜெயசித்ரா அதைப் பிரித்தாள். செய்தவர்: அம்சவள்ளி. கண்டது: 6 காலனி. முடிவு: நீர்த்தலில் பிழை, எழுதியவர் மணிவண்ணன். இப்படியே இறங்கிக்கொண்டு வந்தபோது 18ஆம் தேதி வந்தது. அந்தத் தட்டைப் போட்ட 16ஆம் தேதி அம்சவள்ளி லீவு. நீர்க்கவைத்துப் பரப்பியவர் மணிவண்ணன் சாரேதான். கண்டது: 4 காலனி. முடிவு: தாய்க் கல்ச்சர் பழசு, அதாவது கரைசலுக்கு விதையாக வைத்திருக்கும் மூல நுண்ணுயிர் பழசாம். அவள் கதவைத் திறந்து என்னைக் கூப்பிட்டுக் கம்ப்யூட்டர் திரையைக் காட்டினாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது. ஆனால் அவள் சிரிக்கவில்லை.

வெப்பநிலைக் கட்டம் மேலிருந்து கீழ்வரை காலியாக இருந்தது. போனில் இருந்த ஸ்கேன் வசதி பக்கத்தின் ஓரத்தை வெட்டிவிட்டு, மங்கலாக இருந்ததையெல்லாம் வெள்ளையாக்கிவிட்டது. பென்சில் எண்கள் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அவள் மணிவண்ணன் சாரிடம் போய்ச் சொன்னாள். "படத்துல இல்லன்னா பதிவு இல்லன்னு போட்டுட்டுப் போம்மா," என்றார் அவர்.

அவள் திரும்பி வந்தாள். மதிய வெயில் தகரத்தைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. பிறகு அலமாரியிலிருந்து நோட்டை எடுத்துவந்து, ஜன்னல் வெளிச்சத்தில் விரித்து, ஸ்கேன் இல்லாமல் ஓரம் தெரிய எல்லாப் பக்கத்தையும் மறுபடி படமெடுத்தாள். அக்டோபர் 8 வரை 28, 29. 9ஆம் தேதியிலிருந்து 37, 38, 39. இன்குபேட்டருக்குள் குளிரூட்டும் மோட்டார் நின்றுபோயிருக்கிறது. எங்கள் நுண்ணுயிருக்கு 28தான் ஒத்துக்கொள்ளும், அந்தச் சூட்டில் அது முளைக்காது. ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் "ஜெ" என்று இருந்தது.

"நான்தான்க்கா பாத்திருக்கேன்," என்றாள். "பாத்து, எழுதி, நோட்ட மூடி வெச்சிட்டு அம்மா நெனப்புலயே இருந்திருக்கேன். முப்பத்தெட்டுன்னு கை எழுதியிருக்குது. தலையில ஏறல."

நான் நல்லவள் இல்லை, அதனால் நல்ல யோசனை சொல்லவில்லை. விட்டுத் தொலை, 18ஆம் தேதி வரி ஒன்றே அந்தப் பெண்ணைக் காப்பாற்றிவிடும், உன் கழுத்தை ஏன் நீட்டுகிறாய் என்றேன். 18க்குத் தாய்க் கல்ச்சர் என்று சொல்லி மணிவண்ணன் சார் தப்பிப்பார், 14க்கான பழி மறுபடி அம்சவள்ளிமேல்தான் வந்து நிற்கும் என்றாள். எண்களை ஒவ்வொன்றாகத் தட்டினாள். "ஜெ"யையும் தட்டினாள். முடிவுக் கட்டத்தில் மோட்டார் பற்றி ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. அன்றைக்கு யாரும் அப்படி எழுதவில்லையே, நான் எப்படி அந்தத் தேதியில் போடுவது என்றாள். எல்லாவற்றுக்கும் கீழே, இன்றைய தேதியில், தனியாக ஒரு குறிப்பு மட்டும் எழுதினாள்: "9-10 முதல் உள் வெப்பநிலை 37க்கு மேல் இருந்ததைப் பார்த்துப் பதிவு செய்தேன். யாரிடமும் சொல்லவில்லை. ஜெயசித்ரா."

முதலாளி அதை இரண்டு முறை படித்தார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். போன வருஷம் ஒரு தடவை சூடு ஏறியதைச் சொன்னபோது எழுதினால் போதும் என்று மணிவண்ணன் சார் சொன்னதை அவள் சொல்லியிருக்கலாம். மறந்துவிட்டேன் சார் என்று மட்டும் சொன்னாள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. மோட்டாரைப் பழுது பார்த்தார்கள். அம்சவள்ளியைத் திங்கட்கிழமை வரச் சொன்னார்கள். ஜெயசித்ராவை லேபுக்குள் போக வேண்டாம் என்று என் பக்கம் அனுப்பினார்கள். மணிவண்ணன் சார் அதே நாற்காலியில்தான் இருக்கிறார்.

திங்கட்கிழமை அம்சவள்ளி வந்தாள். ஓடிவந்து கட்டிக்கொள்வாள் என்று நான் நினைத்தேன். அவள் லேபிள் மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"பதினாலு நாளு எங்க வூட்ல யாரும் என்கிட்ட மூஞ்சி கொடுத்துப் பேசல. எனக்கே என் கைமேல சந்தேகம் வந்துடுச்சு. நீ தெனம் பாத்திருக்க இல்ல?"

"பாத்தேன்மா," என்றாள் ஜெயசித்ரா.

அம்சவள்ளி கண்ணாடிக் கதவைத் திறந்து உள்ளே போய், இன்குபேட்டரில் தெர்மாமீட்டரைப் பார்த்தாள். பிறகு கதவை மறுபடி திறந்து, "இருபத்தெட்டு" என்று எங்கள் இரண்டு பேருக்கும் கேட்கிற மாதிரி உரக்கச் சொல்லிவிட்டு, நோட்டில் எழுதப் போனாள்.